14ஆம் தேதி புதுப்பிப்பு என்றால் 13க்குள்ளா, 14க்குள்ளா?

வாசல்திண்ணை | 14 மார்ச் 2026, இரவு 9:10

படம் பார்க்கும் செயலி ஒன்றுக்கு வருடச் சந்தா, 1,499 ரூபாய். போன வருடம் இதே தேதியில் யூபிஐ ஆட்டோபேயில் போட்டது. ஆறு மாதமாக யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, சரி நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தாயிற்று. கணக்குப் பக்கத்தில் தெளிவாக `Renews on 14 March 2026` என்று இருந்தது. இன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஆற அமர ரத்து செய்யலாம் என்று இருந்தேன். காலை 7:12க்கே பணம் போய்விட்டது. நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

14ஆம் தேதி என்றால் 14 முடியும் வரை நேரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் என்றால் அன்றைக்கு ராத்திரி வரை கட்டலாமே. இங்கே மட்டும் என்ன கணக்கு?

வாசல்திண்ணை | 14 மார்ச், இரவு 10:45

நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இந்த நிறுவனங்களின் சர்வர் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே நள்ளிரவு 12 என்றால் நமக்கு காலை 5:30. அங்கே 14 பிறந்த உடனே வேலையைத் தொடங்கி, வரிசையில் என் முறை வர 7:12 ஆகியிருக்கும். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடியிருந்தால் இப்போதைய கோடை நேரப்படி நமக்குப் பகல் 12:30 வரை தப்பித்திருப்பேன். ஆகமொத்தம் பூமி உருண்டையாக இருப்பதற்கு நான் 1,499 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

ரீசார்ஜ்ராசா | 14 மார்ச், இரவு 11:02

இதே கொள்ளைதான் எனக்கும். 28 நாள் என்று ரீசார்ஜ் செய்தால் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. வருடத்துக்கு 13 தடவை போட வேண்டியிருக்கிறது. இதை யார் கேட்பது?

முன்ஜாக்கிரதை | 15 மார்ச், காலை 6:50

ராசா, அது வேறு கதை. அதில் பணம் தானாகப் போகாது, நீங்களேதான் போடுகிறீர்கள்.

திண்ணை, என் வழி சுலபம். சந்தா வாங்கின அடுத்த நிமிடமே ரத்து செய்துவிடுவேன். காசு கொடுத்த காலம் முழுக்க எப்படியும் ஓடும். தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தலைவலியே கிடையாது. எந்த நிறுவனமாக இருந்தாலும் இது வேலை செய்யும்.

கல்லாப்பெட்டி | 15 மார்ச், காலை 9:30

திண்ணை, உங்கள் உருண்டை பூமிக் கணக்கு வெளிநாட்டு சர்வர் நேரடியாகக் கார்டில் எடுக்கும் இடத்தில் சரியாக இருக்கலாம். உங்களுடையது யூபிஐ ஆட்டோபே. அதில் பணம் எடுக்கிற நேரத்துக்குத் தனி விதி உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல், கூட்டம் குறைவான நேரத்தில்தான் ஆட்டோபேயில் பணம் கழிக்க வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லிவிட்டது. காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு 9:30க்குப் பின். பெரும்பாலான இடங்களில் காலையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். முதல் முயற்சி தோற்றால் அன்றைக்கே மறுபடி முயல இடம் வேண்டுமே. 7:12 அந்தக் காலைப் பொழுதுக்குள் கச்சிதமாக உட்காருகிறது.

ஆனால் நேரம் இங்கே சின்ன விஷயம். தேதியை நீங்கள் படித்த விதமே தப்பு. கரண்ட் பில்லில் போட்டிருப்பது கெடு. சந்தாவில் போட்டிருப்பது அடுத்த வருடத்தின் முதல் நாள். நீங்கள் 2025 மார்ச் 14 அன்று வாங்கிய வருடம் 2026 மார்ச் 13 அன்றே தீர்ந்தது. 14 உங்களுடைய நாளே அல்ல.

இன்னொன்று. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கும் வந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

வாசல்திண்ணை | 15 மார்ச், பகல் 1:15

வந்திருக்கிறது. 12ஆம் தேதி இரவு 8:40. நிறுவனத்தின் பெயர், தொகை, 14ஆம் தேதி கழிக்கப்படும் என்பது, எல்லாம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு நகைக்கடை விளம்பரம், கீழே உடனடிக் கடன் தருகிறோம் என்று ஒருவர். நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. யூபிஐ செயலியும் மணி அடித்திருக்கும், சத்தத்தை அணைத்து வைத்தது நான்தான்.

நேற்றைய யூடிசி தத்துவத்தை வாபஸ் வாங்குகிறேன். முழுக்க அல்ல, பாதி.

கல்லாப்பெட்டி, ஒரு சந்தேகம். 13ஆம் தேதி ராத்திரி ரத்து செய்திருந்தால் தப்பித்திருப்பேனா?

கல்லாப்பெட்டி | 15 மார்ச், மாலை 4:40

தப்பித்திருக்கலாம், மாட்டியும் இருக்கலாம். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தது என்றால் கழிவுக்கான வேலை ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் நிறுவனத்தின் பக்கத்தில் ரத்து என்று அழுத்துகிறீர்கள். அது அவர்களுடைய கணக்கில் பதியும். ஆனால் அனுப்பி வைத்த கழிவு ஒன்று வழியில் இருக்கிறதே, அதைத் திரும்பக் கூப்பிடுவதற்கு அவர்கள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சிலர் செய்திருக்கிறார்கள். சிலர் பணத்தை எடுத்துவிட்டு அப்புறம் திருப்பித் தருவார்கள். சிலரிடம் நீங்கள் கேட்டால்தான் தருவார்கள்.

ஆப்பிள் கணக்கு வழியாக வாங்கியதில் இலவசச் சோதனைக் காலத்தை முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யச் சொல்லி அவர்களே எழுதியிருக்கிறார்கள். எழுதாத இடத்திலும் கடைசி ஒரு நாளை உங்களுடையதாக எண்ணாதீர்கள். அதற்கு முந்தைய நாள் நமக்குக் கையிருப்பு. அதற்கும் முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, உதவி மையத்தில் ஆள் இல்லாமல் போகலாம். அதனால் நாலு நாள் முன்பே ரத்து செய்துவிடுங்கள் என்கிறேன்.

முன்ஜாக்கிரதை | 15 மார்ச், மாலை 5:05

இவ்வளவு சுற்ற வேண்டுமா? யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டையே நீக்கிவிட்டால் எவன் பணம் எடுப்பான்?

கல்லாப்பெட்டி | 15 மார்ச், மாலை 6:20

பணம் எடுக்க முடியாது, அது சரி. ஆனால் வங்கிக்குக் கொடுத்த அனுமதியைத்தான் நீக்கினீர்கள், சந்தாவை அல்ல. நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பணம் தராத வாடிக்கையாளர். முதல் முயற்சி தோற்றால் இன்னும் மூன்று தடவை வரை கேட்கலாம். பெரும்பாலும் அதோடு மூடிவிடுவார்கள். ஆப்பிளில் அப்படி இல்லை, கழிவு தோற்றால் 60 நாள் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் வேறு எதற்காகவோ கணக்கில் காசு போட்டால் பழைய சந்தா அதை எடுத்துக்கொள்ளும். என் மச்சானுக்கு இப்படி ஆயிற்று. பையனுக்கு விளையாட்டு வாங்க 500 ரூபாய் போட்டார், நின்றுபோனதாக நினைத்த ஒரு செயலி அதை விழுங்கியது. தப்பு அவர் மேல்தான், ரத்து செய்யவே இல்லையே.

முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரட்டும், அதற்கு அப்புறம் மேண்டேட்டை நீக்குங்கள். இரண்டு பூட்டு.

மேகமூட்டம் | 15 மார்ச், இரவு 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அம்மாவின் போனுக்கு கூகுள் ஒன் சேமிப்பிடம் மாதச் சந்தா போட்டிருக்கிறேன். நாலு நாள் முன்பே ரத்து செய்தால் அன்றைக்கே போட்டோ எல்லாம் அழிந்துவிடாதா? பேரப்பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஒரு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கல்லாப்பெட்டி | 15 மார்ச், இரவு 9:15

அழியாதும்மா. கட்டிய மாதம் முடியும் வரை இடம் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு இலவச 15 ஜிபிக்கு மேல் இருந்தால் புதிதாக எதுவும் ஏறாது, ஜிமெயிலுக்குக் கடிதமும் வராது. இருப்பது இருக்கும். இரண்டு வருடம் அளவுக்கு மேலேயே விட்டுவைத்தால்தான் அழிக்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு வங்கிக் கடிதம் ஜிமெயிலுக்கு வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், போட்டோவைவிட அதில்தான் முதல் அடி விழும்.

வாசல்திண்ணை | 16 மார்ச், காலை 7:40

மேகமூட்டம் கேட்டதுதான் இந்த இழையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தேன்? சீக்கிரம் ரத்து செய்தால் மிச்சம் இருக்கிற நாள் போய்விடும் என்ற கஞ்சத்தனம். ஆறு மாதமாகப் பார்க்காத செயலியின் மிச்ச நாலு நாளுக்காக. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதை நான் ரத்து செய்ய முயன்றது இது முதல் தடவை அல்ல. டிசம்பரில் ஒரு நாள் அழுத்தினேன். நிஜமாகவே போகிறீர்களா என்று ஒரு திரை. அடுத்து, பாதி விலையில் மூன்று மாதம் தருகிறோம் என்று ஒரு திரை. நான் வேண்டாம் என்று சிரித்துவிட்டு செயலியை மூடிவிட்டேன். அதற்குக் கீழே இன்னொரு பொத்தான் இருந்திருக்கிறது. அதை அழுத்தினால்தான் ரத்து. மின்னஞ்சல் வரவில்லையே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வாசல்திண்ணை | 16 மார்ச், இரவு 10:20

மாதச் சந்தாக்கள் மூன்று இன்னும் ஓடுகின்றன. மூன்றும் ஏப்ரல் முதல் பாதியில் புதுப்பிப்பு. மூன்றையும் நாலு நாள் முன்பு ரத்து செய்து, எது எப்போது கதவைச் சாத்துகிறது என்று பார்க்கப் போகிறேன். 1,499க்கு ஒரு படிப்பாவது கிடைக்கட்டும்.

இரவுப்பணி | 17 மார்ச், அதிகாலை 2:15

சந்தா கணக்குக்கு நிரல் எழுதும் வேலைதான் எனக்கு. உள்ளே எப்படி என்று சொல்கிறேன். பணம் கட்டிய காலம் எப்போது முடிகிறது என்பது ஒரு தேதி. உங்களை எப்போது வரை உள்ளே விடுவது என்பது இன்னொரு தேதி. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, எங்களிடம் இல்லை. நீங்கள் ரத்து அழுத்தினால் `cancel_at_period_end` என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். சந்தா உயிரோடுதான் இருக்கும், காலம் முடியும்போது புதுப்பிக்காமல் விட்டுவிடும்.

உள்ளே விடும் தேதியை நாங்கள் கொஞ்சம் நீட்டி வைப்போம். புதுப்பிப்புப் பணம் வந்தது என்ற செய்தி வங்கியிலிருந்து தாமதமாக வரும். அதுவரை கதவைச் சாத்தினால் காசு கொடுத்தவர் கிரிக்கெட் மேட்ச் நடுவே வெளியே நிற்பார், திட்டு எங்களுக்கு. அதனால் ஒரு நாள் சலுகை. ரத்து செய்தவருக்கும் அந்த நீட்சி தெரியாமல் கிடைத்துவிடுவதுண்டு. அதைப் பார்த்து ரத்தாகவில்லையோ என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் `Renews on` என்பது `Ends on` என்று மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முன்ஜாக்கிரதைக்கு ஒரு வார்த்தை. உங்கள் வழி காசு கொடுத்து வாங்கியதற்குப் பெரும்பாலும் சரி. இலவசச் சோதனைக் காலத்தில் ஜாக்கிரதை. ஆப்பிளின் சொந்தச் சேவைகள் சிலவற்றில் சோதனைக் காலத்தை ரத்து செய்தால் அந்த நிமிடமே கதவு மூடும்.

முன்ஜாக்கிரதை | 17 மார்ச், காலை 7:00

அது இலவசம்தானே. நான் காசு கொடுத்ததைச் சொன்னேன்.

வாசல்திண்ணை | 17 மார்ச், காலை 8:10

எந்த நிறுவனமாக இருந்தாலும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேயே இருக்கிறது.

முன்ஜாக்கிரதை | 17 மார்ச், காலை 8:25

சரி விடுங்கள். உங்களைப் போல 1,499 நான் கொடுக்கவில்லை.

ரீசார்ஜ்ராசா | 17 மார்ச், காலை 11:40

28 நாள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கல்லாப்பெட்டி | 17 மார்ச், பகல் 12:10

2022லேயே தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் உத்தரவு போட்டுவிட்டது ராசா. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று கட்டாயம் வைத்திருக்க வேண்டும். செயலியில் தேடினால் கீழே எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

வாசல்திண்ணை | 10 ஏப்ரல், இரவு 9:50

சோதனை முடிவு.

முதலாவது பாட்டுக் கேட்கும் செயலி. புதுப்பிப்பு 5ஆம் தேதி, 1ஆம் தேதி ரத்து செய்தேன். இரண்டே நிமிடத்தில் மின்னஞ்சல். 4 முடிந்தும் பாட்டு ஓடியது. 5ஆம் தேதி இரவு 8 மணிக்கும் விளம்பரம் இல்லாமல் ஓடியது. 6 காலையில் விளம்பரம் வந்துவிட்டது. இரவுப்பணி சொன்ன அந்த நீட்சி இதுதான் போலிருக்கிறது. சொல்லியிருக்காவிட்டால் 5ஆம் தேதி முழுக்கப் பணம் போய்விட்டதோ என்று வங்கிக் கணக்கைத் திறந்து திறந்து பார்த்திருப்பேன். சொல்லியும் இரண்டு தடவை பார்த்தேன்.

இரண்டாவது இன்னொரு படச் செயலி. புதுப்பிப்பு 9. ரயிலில் பார்க்க ஐந்து அத்தியாயம் இறக்கி வைத்திருந்தேன், அது போனுக்குள் இருக்கிறது, யார் எடுக்கப் போகிறார்கள் என்று. 8ஆம் தேதி ராத்திரி ரயில் ஏறினேன். 9 காலை காட்பாடி தாண்டி மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்தால் உங்கள் சந்தா முடிந்தது என்கிறது. இறக்கியதும் வாடகைதான், உரிமை அல்ல. ஏறின இரவே பார்த்திருக்கலாம், பக்கத்து இருக்கைக்காரர் பேசிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது செய்தித்தாள் சந்தா. அதில் இணைய வழி ரத்தே இல்லை. உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். சனிக்கிழமை மாலை அனுப்பினேன், பதில் செவ்வாய் காலை வந்தது. புதுப்பிப்பு புதன். நாலு நாள் என்று வைத்ததால் ஒரு நாள் மிச்சத்தில் தப்பினேன். இதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

மேகமூட்டம் | 11 ஏப்ரல், காலை 6:30

நானும் ரத்து செய்துவிட்டேன். ஆனால் ஒரு குழப்பம். முதல் முதலில் போன வருடம் ஜனவரி 31 அன்று போட்டது. பிப்ரவரியில் 28 அன்று பணம் போயிற்று. மார்ச்சில் 31 அன்று போயிற்று. நான் காலண்டரில் 28 என்று குறித்து வைத்திருந்தேன்.

இரவுப்பணி | 11 ஏப்ரல், காலை 6:45

மாதக் கடைசியில் சேர்ந்தவர்களுக்கு அப்படித்தான். 31 இல்லாத மாதத்தில் கடைசி நாளுக்கு இறங்கும், இருக்கிற மாதத்தில் திரும்ப ஏறும். சில இடங்களில் ஒரு தடவை 28க்கு இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். காலண்டரை நம்பாமல் கணக்குப் பக்கத்தில் அடுத்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வாசல்திண்ணை | 12 ஏப்ரல், மாலை 6:15

1,499 பற்றி. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். புதுப்பித்த பிறகு திருப்பித் தருவதில்லை, 2027 வரை மகிழ்ச்சியாகப் பாருங்கள் என்று பதில் வந்தது. சரி என்று அன்றைக்கே ரத்தும் செய்துவிட்டேன், இந்தத் தடவை கீழே இருந்த பொத்தான் வரை போய். மின்னஞ்சல் வந்தது. மேண்டேட்டையும் நீக்கிவிட்டேன். முன்ஜாக்கிரதை சிரிக்கலாம்.

இப்போது கணக்குப் பக்கத்தில் `Ends on 14 March 2027` என்று இருக்கிறது. இது 13 ராத்திரியா, 14 ராத்திரியா?

கல்லாப்பெட்டி | 12 ஏப்ரல், இரவு 7:00

கல்லா மூடியாயிற்று. 13ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குப் படம் எதுவும் தொடங்காதீர்கள்.

ரீசார்ஜ்ராசா | 12 ஏப்ரல், இரவு 9:20

அந்த 30 நாள் திட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். 28 நாள் திட்டத்தைவிட விலை அதிகம்.